கூட்டத்தில் அறுந்துபோகும் புளூடூத்: முதல் குற்றவாளி நம் உடம்புதான்!

வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் பாடும் இயர்பட்ஸ், புதுப்பட்டினத்தில் மாமல்லபுரம் பஸ் ஏறியதும் விட்டு விட்டுப் பாடுகிறது. 'கம்பெனி சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் பழுது இயர்பட்ஸில் இருக்காது.

புளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. இந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். போன் பேன்ட்டின் இடது பின் பாக்கெட்டில் இருந்து, சிக்னல் வலது காதுக்குப் போக வேண்டும் என்றால், நடுவில் நிற்கும் சுவர் நாம்தான்.

அப்படியென்றால் வீட்டில் மட்டும் எப்படிப் பாடுகிறது? அங்கே சிக்னல் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, சுற்றிக்கொண்டு காதுக்கு வந்து சேர்கிறது. கடற்கரையில் பட்டுத் திரும்பச் சுவரே கிடையாது. அதனால்தான் ஆள் அரவமே இல்லாத மணலில் தனியாக நடக்கும்போதுகூடப் பாட்டு அறுகிறது. வெட்டவெளியில் நன்றாக எடுக்கும் என்று நாம் நினைப்பது இங்கே பலிப்பதில்லை.

கூட்டத்தில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. இந்த அலைவரிசையை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை வரை பாதை மாறி மாறித்தான் புளூடூத் பாட்டை அனுப்புகிறது. நெரிசலான பாதையைக் கண்டால் ஒதுங்கிப் போகவும் அதற்குத் தெரியும். ஆனால், ஒரு வைஃபை மட்டுமே அதில் ஏறக்குறைய 20 பாதைகளைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் பத்து ஹாட்ஸ்பாட், முப்பது இயர்பட்ஸ் என்றால், ஒதுங்குவதற்கு இடம் ஏது?

ஆக, காரணம் உடம்பா, நெரிசலா, இல்லை வேறேதாவதா? பஸ்ஸில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், போனில் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். அது தடையில்லாமல் ஓடினால் புளூடூத் மேல் தப்பில்லை. கூட்டத்தில் மொபைல் டேட்டா திணறியதைத்தான் நாம் புளூடூத் அறுந்ததாக நினைத்திருக்கிறோம். ஆன்லைன் பாட்டு நின்று, திரையில் வட்டம் சுற்றினால் டேட்டா கோளாறு. பாட்டு திரையில் ஓடிக்கொண்டே காதில் மட்டும் கரகரத்து அறுந்தால் புளூடூத் கோளாறு.

இறக்கி வைத்த பாட்டும் அறுகிறதா? போனைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடியுங்கள். உடனே சரியானால் காரணம் உங்கள் உடம்பு. சட்டைப் பாக்கெட்டிலோ, முன்பக்கம் தொங்கும் பையிலோ போனை வையுங்கள். பேன்ட் பாக்கெட்தான் வசதி என்றால், இடது, வலது இரண்டிலும் மாற்றி வைத்துப் பாருங்கள். சில இயர்பட்ஸில் ஒரு பக்கம்தான் போனோடு பேசி, மறு பக்கத்துக்குப் பாட்டைக் கடத்தும். அந்தப் பக்கத்துப் பாக்கெட்டில் போன் இருந்தால் தொல்லை குறையும். உலோக மூடி போட்ட போன் என்றால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

நெஞ்சுக்கு நேராகப் பிடித்தும் அறுந்தால் நெரிசல்தான் காரணம். உங்கள் ஹாட்ஸ்பாட்டையும், தேவையில்லாத வைஃபையையும் அணையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய், இயர்பட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரக் குறியைத் தொட்டால், சில மாடல்களில் `LDAC` அல்லது `HD audio` என்ற சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். உச்ச தரத்தில் LDAC நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். சாதாரண முறையில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். சுமை குறைந்தால், நெரிசலில் சந்து கிடைப்பது சுலபம். பஸ் இரைச்சலில் ஒலித்தர வித்தியாசம் காதுக்குத் தெரியாது. ஐபோனில் இந்த சுவிட்ச் இல்லை. இடம் மாற்றுவது ஒன்றுதான் வழி.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெரும்பாலான இயர்பட்ஸுக்கு 10 மீட்டர் என்பது நடுவில் எதுவும் மறைக்காதபோதுதான். போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, இரண்டு சுவர் தாண்டிக் கொல்லைப்பக்கம் போனால் பாதி தூரத்திலேயே அறுந்துவிடலாம். அறுந்ததும் போனுக்கு அருகில் வந்து சில நொடிகள் காத்திருங்கள். பெரும்பாலும் தானே சேர்ந்துகொள்ளும். சேராவிட்டால் இயர்பட்ஸைப் பெட்டியில் வைத்து மூடி, பத்து நொடி கழித்துத் திறங்கள். பழைய போனோ, டிவியோ அதை முந்திக்கொண்டு இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால் `Forget` கொடுத்து, புதிதாக இணைக்கலாம். அதைப் பஸ்ஸில் செய்யாதீர்கள். நெரிசல் இல்லாத வீட்டில் செய்யுங்கள். வீட்டில் போனை நெஞ்சருகே வைத்தும், இறக்கி வைத்த பாட்டே அறுந்தால்தான் இயர்பட்ஸைச் சந்தேகிக்க வேண்டும். கடைக்காரரிடம் போக வேண்டியது அப்போதுதான்!