திட்டம் தருகிறது, பெட்டி தடுக்கிறது!

ஓடிடி எனப்படும் இணையத் திரைத் தளங்களின் கட்டண அட்டவணையில், உயர்ந்த திட்டத்துக்கு நேராக '4கே' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே, கூர்ந்து பார்த்தால் மட்டுமே தெரியும் எழுத்தில், 'படத்துல்லியம் உங்கள் சாதனத்தையும் இணைய வேகத்தையும் பொறுத்தது' என்று ஒரு வரி இருக்கும். இணைய வேகம் எதுவென்று நமக்குத் தெரியும். ஆனால், 'சாதனத்தைப் பொறுத்தது' என்பதன் உண்மைப் பொருள் என்ன? நம்மில் பெரும்பாலோர் அதைத் திரையின் அளவு, தரம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அது அன்று.

என் வீட்டில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் உள்ளன. இரண்டுமே 4கே திரை கொண்டவை. ஒன்று கூடத்தில் இருக்கும், பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டி. மற்றொன்று படுக்கையறைக்காக இணையவழியில் மலிவாக வாங்கிய, அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் 43 அங்குலப் பெட்டி. ஒரே சந்தா, ஒரே இணைய இணைப்பு, ஒரே திரைப்படம். கூடத்தில் படம் 4கே துல்லியத்தில் ஓடுகிறது. படுக்கையறையில் அதே செயலி 480-க்கு மேல் ஏற மறுக்கிறது. 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 480 என்பது ஏறத்தாழ 4.1 இலட்சம். அதாவது, நான் கட்டணம் செலுத்தியதில் இருபதில் ஒரு பங்கே அந்த அறைக்கு வந்து சேர்கிறது. முகங்கள் மெழுகுபோல் தெரிகின்றன. படத்தின் அடிவரிகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. எழுத்துகளைப் பெட்டியே தன் திரைக்கு ஏற்ப வரைந்துகொள்வதுதான் அதற்குக் காரணம்.

இதில் எது குறை என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். இரு பெட்டிகளின் இணையக் கம்பிகளையும் இடம் மாற்றினேன், பயனில்லை. 4கே படத்துக்கு நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகம் போதும். என் இணைப்பு 100 மெகாபிட். திரையில் குறையோ என்று யூடியூபில் கட்டணமில்லாக் காணொலி ஒன்றைத் திறந்தேன். தரப் பட்டியலில் 2160p என்ற வரி இருந்தது. அதைத் தேர்ந்ததும் மலையும் மரமும் இலை இலையாகத் தெரிந்தன. ஆக, திரையும் நலம், இணைப்பும் நலம், சந்தாவும் நலம். விற்பனைக்குப் பிந்தைய சேவை மையத்தில் கேட்டபோது, 'சார், இது 4கே பெட்டிதான்' என்ற பதில் கிடைத்தது. அது பொய்யில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

விடையைக் காட்டியவர் மென்பொருள் துறையில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர். DRM Info என்ற கட்டணமில்லாச் செயலியை அந்தப் பெட்டியில் நிறுவித் திறந்தார். Security Level என்ற சொல்லுக்கு எதிரே L3 என்று இருந்தது. 'ஐயா, பெட்டியில் குறையில்லை. படத்தை அனுப்புகிறவர்கள் அதை நம்பவில்லை, அவ்வளவுதான்' என்றார்.

அந்த நம்பிக்கை எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை விரிவாகவே பார்க்கலாம். கட்டணத் தளங்களில் உள்ள படங்கள் பூட்டிய நிலையில்தான் நம் வீட்டுக்கு வருகின்றன. பூட்டைத் திறக்கும் பொறுப்பு, பெட்டிக்குள் இருக்கும் நகல்காப்பு மென்பொருளுடையது. ஆண்ட்ராய்டு சாதனங்களில் இப்பணியைச் செய்வது 'வைட்வைன்'. 2010-இல் கூகுள் விலைக்கு வாங்கிய தொழில்நுட்பம். மைக்ரோசாஃப்டிடம் 'பிளேரெடி' என்ற பெயரில் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு.

வைட்வைனில் பாதுகாப்பு நிலைகள் மூன்று. நடைமுறையில் நாம் சந்திப்பவை முதலாவதும் மூன்றாவதும். முதல் நிலையான எல்1-இல், பூட்டைத் திறப்பதும், திறந்த படத்தை விரித்துத் திரைக்கு அனுப்புவதும், சில்லுக்குள்ளேயே தனியாக அடைக்கப்பட்ட ஒரு பகுதியில் நடக்கின்றன. பெட்டியின் இயங்குதளத்தால்கூட அங்கே எட்டிப் பார்க்க இயலாது. மூன்றாம் நிலையான எல்3-இல் அத்தகைய தனியறை பயன்படுத்தப்படுவதில்லை. எல்லாமே சாதாரண மென்பொருளாக, பொது நினைவகத்தில் நடக்கின்றன. திறமையுள்ள ஒருவர் அங்கிருந்து திறவுகோலையோ படத்தையோ எடுத்துவிட முடியும். அதனால்தான் எல்3 சாதனங்களுக்குக் குறைந்த துல்லியமே போதும் எனத் தளங்கள் வரம்பிடுகின்றன. படங்களுக்கு உரிமம் தரும் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தங்களிலேயே இத்தகைய காப்பை வலியுறுத்துகின்றன.

இந்த வரம்பு செயல்படும் முறை நுட்பமானது. ஒரே படத்தின் 480, 1080, 2160 வடிவங்களை வெவ்வேறு திறவுகோல்களால் பூட்டி வைக்க முடியும். நாம் படத்தைத் தொடங்கியவுடன், பெட்டி தன் அடையாளச் சான்றைக் காட்டித் தளத்தின் உரிமக் கணினியிடம் திறவுகோல் கேட்கிறது. அந்தக் கணினி, 'இவர் எந்தத் திட்டத்தின் சந்தாதாரர்' என்பதோடு, 'கேட்பது எந்த நிலைப் பெட்டி' என்பதையும் பார்க்கிறது. எல்3 என்றால் கீழ் வடிவத்துக்கான திறவுகோலை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறது. பிழைச் செய்தி ஏதும் வராது. படம் ஓடும், மங்கலாக ஓடும். பாமரர் இணையத்தைக் குறை சொல்வார்; படித்தவர் இணைய நிறுவனத்தோடு சண்டையிடுவார்.

அந்த அடையாளச் சான்று பொதுவாகத் தொழிற்சாலையிலேயே சாதனத்துக்குள் பதிக்கப்படுவது. பின்னாளில் அதைச் சேர்ப்பது எளிதன்று. 2018-இல் ஒன்பிளஸ் நிறுவனம் தன் 5, 5டி ரகக் கைப்பேசிகளுக்கு எல்1 நிலையை வழங்க முன்வந்தபோது, இணையவழிப் புதுப்பிப்பாக அனுப்ப இயலவில்லை. விரும்பியவர்கள் கைப்பேசியையே நிறுவனத்துக்கு அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. கையில் இருந்ததோ அன்றைய விலையுயர்ந்த கைப்பேசிகளுள் ஒன்று!

எல்1 இருந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. பெரிய தளங்கள் தங்களுக்கென்று தனிச் சான்றளிப்பு வைத்திருக்கின்றன. தயாரிப்பாளர் ஒவ்வொரு ரகத்தையும் சோதனைக்கு உட்படுத்தி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் பெற்ற ரகங்களின் பட்டியலில் இல்லாத பெட்டி, எல்1 ஆக இருந்தாலும், அந்தத் தளத்தைப் பொறுத்தவரை இரண்டாந்தரம்தான். ஒரே பெட்டியில் ஒரு தளம் 4கே தருவதும் மற்றொரு தளம் தர மறுப்பதும் இதனால்தான். சோதனைக்குக் காலமும் பொறியாளர் உழைப்பும் செலவாகும். விலையைக் குறைத்தே சந்தையில் நிற்க வேண்டிய சிறு நிறுவனம் முதலில் கைவிடுவது இத்தகைய, கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான்.

படுக்கையறைப் பெட்டிக்குத் தீர்வு, சான்று பெற்ற ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக். சுமார் 6,000 ரூபாய். அதை எச்டிஎம்ஐ துளையில் செருகினால், நம்பிக்கைக்குரிய வேலையை எல்லாம் அது தன்னுள்ளேயே முடித்துக்கொண்டு, பெட்டியை வெறும் திரையாக மட்டும் பயன்படுத்தும். செருகினோம், 1080 வந்தது, 4கே வரவில்லை. ஸ்டிக்கிலிருந்து திரைக்குப் படம் செல்லும் அந்தச் சிறு வழியிலும் ஒரு காவல் இருக்கிறது. எச்டிசிபி என்ற அந்த நகல்காப்பு முறையை உருவாக்கியது இன்டெல். அதன் முதல் பதிப்பின் தலைமைத் திறவுகோல் 2010-இல் இணையத்தில் வெளியாகிவிட்டது. ஆகவே, 4கே படங்களுக்கு 2.2 பதிப்பு கேட்கப்படுகிறது. சில பெட்டிகளில் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் அந்தப் பதிப்பை ஏற்பதில்லை. எங்கள் பெட்டியின் பின்புறம் மூன்று துளைகள். ஒன்றின் அருகே மட்டும் 'HDCP 2.2' என்று பொடி எழுத்து. ஸ்டிக்கை அதற்கு மாற்றியதும் 4கே வந்தது. நடுவே பழைய சவுண்ட்பாரோ பிரிப்பானோ இருந்தாலும் இதே தடை நேரும். சங்கிலியின் ஒரு கண்ணி பழையதாக இருந்தாலே போதும்.

பொருளியல் மாணவர்களுக்கு நான் பல ஆண்டுகள் நடத்திய பாடம் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப், பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக்கி ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே, வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தர மாட்டார். நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார் என்பது அதன் சாரம். தொலைக்காட்சிச் சந்தையில் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். இங்கே கடைக்காரருக்கும் தெரியாது. பெட்டியைத் தயாரித்தவருக்கும், தளத்தை நடத்துபவருக்கும் மட்டுமே தெரியும். அவர்களில் முன்னவருக்குச் சொல்லும் ஆர்வமில்லை. பின்னவர் சந்தா வாங்கும் நேரத்தில் சொல்வதில்லை.

பின்னவரிடம் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. நான் எந்தப் பெட்டியிலிருந்து நுழைகிறேன், அதன் நிலை என்ன என்பது அந்தத் தளத்தின் கணினிக்கு ஒவ்வொரு முறையும் தெரிகிறது; தெரிந்துதானே திறவுகோலை மறுக்கிறது? 'இந்தச் சாதனத்தில் 480 வரை மட்டுமே கிடைக்கும்' என்று ஒரு வரி திரையில் காட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. உயர்ந்த திட்டத்துக்கும் அதற்கு அடுத்த திட்டத்துக்கும் மாதம் 150 ரூபாய் வேறுபாடு என்றால், ஆண்டுக்கு 1,800 ரூபாய். வீட்டில் உள்ள ஒரே பெட்டி எல்3 ஆக இருக்கும் குடும்பம், அந்தத் தொகையைத் தனக்கு ஒருபோதும் கிடைக்காத துல்லியத்துக்காகச் செலுத்திக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய திரைகளின் எண்ணிக்கையையும் அதே திட்டத்தோடு சேர்த்துக் கட்டி விற்பதால், வீண் செலவு எவ்வளவு என்று பிரித்தறியவும் வழியில்லை.

படைப்பாளியின் உரிமையைக் காப்பதற்கான ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. ஆனாலும், இத்தனை பூட்டுகளையும் மீறித் திருட்டுப் பிரதிகள் 4கே துல்லியத்திலேயே உலவுகின்றன. திருடுபவருக்கு எல்லாப் பெட்டியிலும் தெளிவாகத் தெரிகிற படம், பணம் செலுத்தியவருக்கு மங்கலாகத் தெரிகிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள், சேவை ஆகியவற்றின் தரம், அளவு, விலை குறித்துத் தெரிவிக்கப்படும் உரிமையை நுகர்வோருக்கு வழங்குகிறது. குளிர்பதனப் பெட்டியின் மின்செலவை நட்சத்திரக் குறியீடாக ஒட்டச் செய்த நாட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டையில் மூன்று தகவல்களை அச்சிடச் செய்வது கடினமன்று: நகல்காப்பு நிலை என்ன, எந்தெந்தத் தளங்களின் சான்று பெற்றது, எந்தத் துளை எச்டிசிபி 2.2 ஏற்பது. அதுவரை, வாங்குவோர் கடையிலேயே தங்கள் கணக்கில் நுழைந்து, சந்தா செலுத்தும் தளத்தின் படம் ஒன்றை ஓடவிட்டுத் துல்லியத்தைப் பார்க்கலாம். கடைக்காரர்கள் காட்டும் மீன்களும் மலர்களும் நிறைந்த விளம்பரக் காணொலி பூட்டில்லாதது. அது எந்தப் பெட்டியிலும் அழகாகத்தான் தெரியும். இணையவழியில் வாங்குவோர், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். விளம்பரத்தில் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி 4கே என்று உறுதியளித்திருந்து அது கிடைக்கவில்லை என்றால், அந்த விளம்பரப் பக்கத்தின் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யலாம்.