இரண்டே மதிப்பில் ஒரு ரெசிஸ்டர் ஏணி

1980களின் பிற்பகுதியில் வீட்டில் ஐபிஎம் வகைக் கணினி வைத்திருந்தவர்கள் அதிலிருந்து கேட்ட ஒலி பெரும்பாலும் ‘பீப்’ மட்டும்தான். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரிலிருந்து இயங்கிய கோவாக்ஸ் என்ற நிறுவனம் அப்போது ‘ஸ்பீச் திங்’ என்று ஒரு சின்னப் பொருளை விற்றது. பிரிண்டரைச் செருகும் துளையில் இதைச் செருகினால் கணினி பேசும், பாடும். அதற்குள் இருந்த சூட்சுமம் ஒரு ரெசிஸ்டர் ஏணி. விஷயம் தெரிந்தவுடன் பலர் கடையில் ரெசிஸ்டர்களை வாங்கித் தாங்களே பற்றவைத்துக்கொண்டார்கள்.

பிரிண்டர் துளையில் தகவலுக்கென்று எட்டுக் கம்பிகள் உண்டு. ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே நிலைதான்: ஏறக்குறைய 5 வோல்ட், அல்லது ஏறக்குறைய பூஜ்யம். ஒலிபெருக்கிக்கு அது போதாது. அதற்கு 1.2 வோல்ட், 3.4 வோல்ட் என்று இடைப்பட்ட மின்னழுத்தங்கள் ஏறி இறங்க வேண்டும். எட்டுக் கம்பிகளின் ‘உண்டு, இல்லை’ என்ற பதில்களை ஒன்றுசேர்த்து ஒரே மின்னழுத்தமாக்கித் தருவது எப்படி என்பதுதான் கேள்வி.

முதலில் தோன்றும் வழி ஒன்று உண்டு. இரும எண்ணில் ஒவ்வோர் இடத்துக்கும் அடுத்ததைப்போல் இரண்டு மடங்கு மதிப்பு. ஆகவே ரெசிஸ்டர்களையும் அப்படியே இரட்டித்துக்கொண்டே போகலாம்: பெரிய பிட்டுக்கு 10 கிலோ ஓம், அடுத்ததற்கு 20, பிறகு 40, 80 என்று. தாளில் இது சரியாக இருக்கும். கடைக்குப் போனால் 40 கிலோ ஓம் வழக்கமான வரிசையில் இல்லை, 39 இருக்கிறது. 80 இல்லை, 82 இருக்கிறது. எட்டாவது பிட்டுக்கு 1,280 கிலோ ஓம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் ஒரு சதவீதம் பிசகினாலே அந்தப் பிழை கடைசி பிட்டின் மொத்தப் பங்கைவிடப் பெரிதாகிவிடும். ஒன்றுக்கொன்று 128 மடங்கு வித்தியாசமுள்ள ரெசிஸ்டர்களை அவ்வளவு துல்லியமாகப் பொருத்தி எடுப்பது நடைமுறையில் ஆகிற காரியமல்ல.

ஏணி முறைக்கு இரண்டே மதிப்புகள் போதும். ஒன்றை R என்று வைத்துக்கொண்டால் மற்றது 2R. கையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மட்டுமே இருந்தாலும் பரவாயில்லை, இரண்டை வரிசையாக இணைத்தால் 20 கிலோ ஓம் ஆகிவிடுகிறது.

நான்கு பிட் ஏணியைக் கட்டிப் பார்ப்போம். வரிசையாக நான்கு சந்திப்புகள். அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு இடையே R, ஆக மூன்று. ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் ஒரு 2R புறப்பட்டு அதற்குரிய பிட்டின் கம்பிக்குப் போகிறது. மதிப்பு மிகக் குறைந்த பிட் சேரும் சந்திப்பில் மட்டும் கூடுதலாக ஒரு 2R, அது கிரவுண்டுக்குப் போகும். எதிர்முனையில், அதாவது மதிப்பு மிகப் பெரிய பிட் சேரும் சந்திப்பில், வெளியீட்டை எடுக்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உண்மை போதும். ஒரு புள்ளியை இரண்டு சமமான ரெசிஸ்டர்கள் வழியாக இரண்டு மின்னழுத்தங்களுடன் இணைத்தால், அந்தப் புள்ளி இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கும். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 0 என்றால் 2.5. ஒரு பக்கம் 5, மறுபக்கம் 3 என்றால் 4. ஏணியின் ஒவ்வொரு சந்திப்பும் செய்வது இந்தச் சராசரி எடுக்கும் வேலையைத்தான்.

சரி, இரண்டு பக்கமும் சமமாக இருப்பது எப்படி? முதல் சந்திப்பில் இரண்டு 2R இருக்கின்றன, ஒன்று பிட்டுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு. இணையாக நிற்கும் இரண்டு 2R, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு R போலத் தெரியும். அதோடு அடுத்த சந்திப்புக்குப் போகும் வழியில் உள்ள R சேர்கிறது, மொத்தம் 2R. அந்தச் சந்திப்பில் அதன் சொந்தப் பிட்டும் 2R வழியாகத்தான் வருகிறது. ஆக, மறுபடியும் சமம், மறுபடியும் சராசரி. இப்படி எத்தனை படிகள் சேர்த்தாலும் கணக்கு மாறுவதில்லை. ரெசிஸ்டர் மதிப்புகள் ஏன் சரியாக R, 2R என்று இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இப்போது 1011 என்ற இரும எண்ணைக் கொடுப்போம். நம் வழக்கமான எண்ணில் அது 8 + 2 + 1, அதாவது 11. கம்பிகளின் உயர்நிலை 5 வோல்ட். கணக்கைச் சிறிய பிட்டிலிருந்து, அதாவது எண்ணின் வலக்கோடியிலிருந்து தொடங்க வேண்டும். தொடக்கம் கிரவுண்டு, அதாவது 0.

வலக்கோடி பிட் 1, அதாவது 5 வோல்ட். 0, 5 இரண்டின் சராசரி 2.5. அடுத்த பிட்டும் 1. 2.5, 5 இரண்டின் சராசரி 3.75. அடுத்தது 0. 3.75, 0 இரண்டின் சராசரி 1.875. இடக்கோடி பிட் 1. 1.875, 5 இரண்டின் சராசரி 3.4375. வெளியீடு 3.4375 வோல்ட்.

ஒவ்வொரு படியிலும் ‘கூட்டு, பாதியாக்கு’ என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. கடைசிப் படியில் சேரும் பிட் ஒரே முறை பாதியாகிறது. முதலில் சேர்ந்த பிட் நான்கு முறை பாதியாகிறது. ஆகவே பிட்டுகளின் பங்கு இடமிருந்து வலமாக 2.5, 1.25, 0.625, 0.3125 வோல்ட் என்று அமைகிறது. நமக்கு வந்தவற்றைக் கூட்டிப் பாருங்கள்: 2.5 + 0.625 + 0.3125 = 3.4375. சுருக்கமாக எழுதினால்:

```
Vout = Vref × N / 2^n
```

இங்கே N கொடுத்த எண், n பிட்டுகளின் எண்ணிக்கை, Vref கம்பியின் உயர்நிலை மின்னழுத்தம். 5 × 11 / 16, அதே 3.4375. சூத்திரத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 1111 கொடுத்தாலும் வெளியீடு 5 வோல்ட்டைத் தொடாது. 15/16 பங்கான 4.6875 வோல்ட்டோடு நின்றுவிடும்.

ஆர்டுயினோ யூனோ பலகை ஒன்று இருந்தால் இதை ஒரு மாலையில் செய்து பார்த்துவிடலாம். 8-ஆம் பின்னில் சிறிய பிட், 11-ஆம் பின்னில் பெரிய பிட். நிரல் இவ்வளவுதான்:

```
void setup() {
  DDRB = 0x0F;
  PORTB = 0b1011;
}
void loop() {}
```

ஒவ்வொரு பின்னுக்கும் தனித்தனியே கட்டளை எழுதலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் 0111-லிருந்து 1000-க்குப் போகும்போது பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். நடுவே ஒரு கணம் வெளியீடு தேவையில்லாத உயரத்துக்கோ பள்ளத்துக்கோ போய் வரும். ஒலியில் அது ‘டிக்’ என்று கேட்கும். மேலே உள்ள முறையில் நான்கும் ஒன்றாக மாறுகின்றன.

மல்டிமீட்டரில் 3.4375 அப்படியே வராமல் 3.3 என்று வந்தால் உடனே ரெசிஸ்டரைச் சந்தேகிக்க வேண்டாம். யூஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட் பல நேரம் 4.8 அளவில்தான் இருக்கும். முதலில் அதை அளந்து, அந்த எண்ணைச் சூத்திரத்தில் போடுங்கள். பிறகும் கணக்கு உதைத்தால், ஒரு சமயத்தில் ஒரு பிட்டை மட்டும் 1 ஆக்கி அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாக வர வேண்டும். வரிசை தலைகீழாக வந்தால் கம்பிகளை மாற்றிச் செருகியிருக்கிறோம். அப்போது 1011 என்பது 1101 ஆகி 4.0625 வோல்ட் காட்டும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, கிரவுண்டுக்குப் போகும் அந்தக் கூடுதல் 2R-ஐ மறந்துவிடுவது. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: 1111 கொடுத்தால் முழு 5 வோல்ட்டும் வந்துவிடும். அதோடு 0001 தர வேண்டிய 0.3125-க்குப் பதில் 0.47 வோல்ட் கிடைக்கும். பெரிய பிட் மட்டும் 2.5-க்கு 2.53 என்று ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதனால் பெரிய பிட்டை மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடைந்தால் ஏமாந்துபோவோம்.

ஏணியின் வெளியீட்டில் நேராக ஹெட்போனை மாட்டுகிறவர்களும் உண்டு. ஒலி கிட்டத்தட்ட கேட்கவே கேட்காது. ஏணியைப் பின்பக்கமாகப் பார்த்தால் அது எப்போதும் R அளவு தடையுள்ள மூலம், நம் உதாரணத்தில் 10 கிலோ ஓம். அதில் 10 கிலோ ஓம் சுமையை இணைத்தாலே 3.4375 பாதியாகி 1.72 ஆகிவிடும். 32 ஓம் ஹெட்போன் என்றால் மிஞ்சுவது சில மில்லிவோல்ட்தான். ஆகவே இடையில் ஓர் ஆப்-ஆம்ப் வைக்க வேண்டும். எல்லோர் கையிலும் இருக்கும் எல்எம்358-ஐ 5 வோல்ட்டில் இயக்கினால் அதன் வெளியீடு சுமார் 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது, மேல்படிகளெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். ஊட்டும் மின்னழுத்தம் வரை ஏறக்கூடிய எம்சிபி6002 போன்றதை வாங்கிக்கொள்வது நல்லது.

கடைசியாக, ரெசிஸ்டரின் தரம். எட்டு பிட் ஏணியில் ஒரு படிக்கு 5-ஐ 256-ஆல் வகுத்தால் வரும் 0.0195 வோல்ட்தான் கிடைக்கிறது. பெரிய பிட்டின் 2R மட்டும் ஒரு சதவீதம் கூடி 20 கிலோ ஓமுக்குப் பதில் 20.2 ஆக இருக்கிறது, மற்ற எல்லாம் துல்லியம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 127 கொடுத்தால் 2.493 வோல்ட் வரும். 128 கொடுத்தால் 2.488 வோல்ட். எண் ஏறுகிறது, மின்னழுத்தம் இறங்குகிறது! 127-இல் கீழ் ஏழு பிட்டுகள் சேர்ந்து தருவதை 128-இல் பெரிய பிட் ஒற்றையாகத் தாங்க வேண்டியிருப்பதால் பிசகு முதலில் வெளிப்படும் இடம் இதுதான். நான்கு பிட் ஏணியில் படிகள் பெரியவை. இதே ஒரு சதவீதம் அங்கே கண்ணிலேயே படாது.

R-ஐ 1 கிலோ ஓம் அளவுக்குக் குறைத்துக்கொண்டாலும் வேறு வழியில் பிழை நுழையும். ஆர்டுயினோ பின்னுக்குள்ளேயே சில பத்து ஓம் தடை இருக்கிறது. 2,000 ஓமுடன் அது சேரும்போது ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடும். 20,000 ஓமுடன் சேர்ந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. 10, 20 கிலோ ஓம் ஜோடி நன்றாக வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் பரிந்துரை இது. நான்கு பிட், ஆறு பிட் வரை ஒரு சதவீத ரெசிஸ்டர்களைத் தைரியமாக வாங்குங்கள். எட்டு பிட் என்றால் ஒரே பட்டையிலிருந்து இருபத்தைந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து 2R ஆக்குங்கள்; ஒரே தயாரிப்பில் வந்தவை பெரும்பாலும் ஒரே பக்கம் பிசகியிருக்கும். விகிதம் மட்டுமே முக்கியம் என்பதால் அந்தப் பிசகு கணக்கில் அடிபட்டுப் போகும். மல்டிமீட்டரில் அளந்து, மிக ஒத்துப்போகிறவற்றைப் பெரிய பிட்டின் பக்கம் வையுங்கள். பத்து பிட்டுக்குக் கையால் பற்றவைக்க முயல வேண்டாம். ஏடி7520 போன்ற சிப்பில் இதே R, 2R ஏணியை ஒரே சில்லில் மெல்லிய படலமாகப் பதித்தே தருகிறார்கள்.