டிசம்பரிலேயே வந்துவிடும் அடுத்த வருடம்

2014 டிசம்பர் 29, திங்கட்கிழமை. லண்டனில் நள்ளிரவு, இந்தியாவில் காலை ஐந்தரை மணி. அந்த நேரத்திலிருந்து, ஆண்ட்ராய்டு போனில் ட்விட்டர் வைத்திருந்த பலருடைய கணக்கு தானாக வெளியேறிவிட்டது. திரும்ப நுழையப் பார்த்தாலும் முடியவில்லை. ட்விட்டரின் சர்வர் தன் பதில்களோடு அனுப்பிய தேதியில் நாளும் மாதமும் சரியாக இருந்தன. வருடம் மட்டும் 2015 என்று இருந்தது.

சர்வரின் கடிகாரத்தில் பழுதில்லை. தேதியை எழுத்தாக அச்சிடும் இடத்தில்தான் பிழை.

நாம் அறிந்த வருடம் ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் பலவற்றில் உற்பத்தியை வார எண்ணை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அதற்கு இன்னொரு வருடம் உண்டு. ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படி வாரம் திங்களன்று தொடங்கும். ஒரு வாரத்தின் வியாழன் எந்த வருடத்தில் விழுகிறதோ, ஏழு நாளும் அந்த வருடத்தைச் சேரும். 2015 ஜனவரி 1 வியாழக்கிழமை. ஆகவே அதற்கு முந்தைய திங்கள், செவ்வாய், புதன் மூன்றும் டிசம்பர் நாட்களாக இருந்தும், வாரக் கணக்கில் 2015ஐச் சேர்ந்தவை.

ஜாவா மொழியில் சிறிய yyyy என்றால் நாட்காட்டி வருடம், பெரிய YYYY என்றால் வார வருடம்.

```java
var d = LocalDate.of(2024, 12, 30);
d.format(DateTimeFormatter.ofPattern("dd-MM-YYYY"));
// 30-12-2025
```

எழுதியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆரக்கிள் தரவுத்தளத்தில் YYYY என்பதே சாதாரண வருடம். அங்கே பழகிய கை இங்கேயும் அதையே தட்டுகிறது. ஜாவாவும் மறுப்பு சொல்வதில்லை. மார்ச்சில் சோதித்தால் விடை சரியாகவே வரும், ஆகஸ்டிலும் வரும். வருடக் கடைசியிலும் சில முறை தப்பித்துவிடும்: 2023 டிசம்பர் 31 ஞாயிறு, மறுநாள் திங்கள். ஐஎஸ்ஓ கணக்கில் இரண்டு வருடங்களும் அன்று ஒன்றாகவே முடிந்தன. பிழை வெளியே தெரியவில்லை.

ஜாவாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்த நாட்டு அமைப்பில் ஓடுகிறதோ, அந்த நாட்டு வார வழக்கத்தை YYYY பின்பற்றும். அமெரிக்க அமைப்பில் வாரம் ஞாயிறன்று தொடங்கும். ஜனவரி 1 இருக்கும் வாரமே முதல் வாரம். அதனால் 2024 டிசம்பர் 29 அங்கே 2025 ஆகிவிடும், ஐஎஸ்ஓ கணக்கில் 2024ஆகவே நிற்கும். ஒரே நிரல், இரண்டு கணினிகளில் இரண்டு விடை.

ஜாவா நிரல் எழுதுபவர்கள் இன்றே தங்கள் கோப்புகளில் YYYY என்று தேடிப் பாருங்கள். பக்கத்தில் வார எண்ணுக்கான ww இல்லாவிட்டால், அநேகமாக அது yyyy ஆக இருக்க வேண்டியது. மாற்றிய பிறகு 2024 டிசம்பர் 30ஐக் கொடுத்துச் சோதியுங்கள். 2024 என்றே வர வேண்டும்.