இடைக்கால டிவிடெண்ட்: ஆறு லட்சம் ரூபாய் கணக்கில் ஏறும் விதம்

நிதியாண்டு முடிந்து, கணக்கு தணிக்கையாகி, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் தந்த பிறகு கொடுக்கப்படுவது இறுதி டிவிடெண்ட். பொதுக்கூட்டம் வரை காத்திராமல் இயக்குநர் குழுவே தீர்மானித்துக் கொடுப்பது இடைக்கால டிவிடெண்ட். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 123ஆவது பிரிவில் இதற்கு இடம் தருகிறது. முந்தைய ஆண்டுகளில் சேர்ந்த உபரியிலிருந்தோ நடப்பு ஆண்டின் லாபத்திலிருந்தோ கொடுக்கலாம். நடப்பு ஆண்டில், அறிவிப்புக்கு முந்தைய காலாண்டு முடிய நட்டம் என்றால், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி டிவிடெண்ட் விகிதத்தைத் தாண்டக் கூடாது.

கோவையில் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். பத்து ரூபாய் முகமதிப்புள்ள 2,00,000 பங்குகள், ஐந்தே பங்குதாரர்கள். நிறுவனரிடம் 1,00,000, அவர் தம்பியிடம் 60,000, பங்கு வாங்கியிருக்கும் வேறொரு கம்பெனியிடம் 37,000, பழைய ஃபோர்மேன் ஒருவரிடம் 2,000, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு ஸ்டோர் கீப்பரிடம் 1,000. எல்லோரும் இந்தியாவில் வசிப்பவர்கள், பான் எண் கொடுத்தவர்கள். 2025 செப்டம்பர் வரையிலான அரையாண்டில் நல்ல லாபம். நவம்பர் 10ஆம் தேதி இயக்குநர் குழு கூடி, பங்குக்கு 3 ரூபாய், அதாவது 30 சதவீதம், இடைக்கால டிவிடெண்ட் அறிவிக்கிறது. மொத்தம் 6,00,000 ரூபாய்.

முதல் பதிவு அன்றைக்கே விழ வேண்டும். லாப நட்டக் கணக்கின் உபரிக்கு 6,00,000 பற்று. கொடுக்க வேண்டிய டிவிடெண்ட் கணக்குக்கு 6,00,000 வரவு. டிவிடெண்ட் செலவு அல்ல. சம்பளம், வாடகை, வட்டி எல்லாம் கழித்து மீந்த லாபத்தை உடைமையாளர்களுக்குப் பங்கிடுவது. அதனால் அது லாபத்தைக் கணக்கிடும் இடத்தில் வருவதில்லை, சேர்ந்த லாபத்தைக் குறைக்கும் இடத்தில் வருகிறது. பல அலுவலகங்களில் முதலில் ‘இடைக்கால டிவிடெண்ட்’ என்று தனிக் கணக்கில் பற்று எழுதி, மார்ச் 31 அன்று அதை உபரிக்கு மாற்றுவார்கள். முடிவு ஒன்றுதான்.

அறிவித்த அன்றே கடனாக எழுத வேண்டுமா, பணம் போன பிறகு எழுதினால் போதாதா என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. இடைக்கால டிவிடெண்ட் தீர்மானத்தை, பணம் போவதற்கு முன் இயக்குநர்கள் ரத்து செய்துவிடலாம், அதுவரை அது கடனே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1964இல் டால்மியா வழக்கில் சொன்னது. பழைய கணக்கர்கள் சிலர் பணம் போகும் நாளில் மட்டும் பதிவு போட்டது அந்த வழக்கத்தால்தான். பின்னர் வந்த சட்டத் திருத்தம் ‘டிவிடெண்ட்’ என்ற சொல்லுக்குள் இடைக்கால டிவிடெண்டையும் சேர்த்துவிட்டது. இப்போது அறிவித்த நாளிலிருந்தே கெடு ஓடுகிறது. ஐந்து நாளுக்குள் பட்டியல் வங்கி ஒன்றில் தனிக் கணக்கில் தொகையைப் போட வேண்டும்; முப்பது நாளுக்குள் பங்குதாரர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கம்பெனிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தெரிந்தே தவறவிட்ட இயக்குநருக்குத் தண்டனையும் உண்டு. இப்படி நெருக்கும் ஒன்றைக் கடன் இல்லை என்று ஏட்டில் விட்டுவைப்பது பொருந்தாது.

நம் கம்பெனி நவம்பர் 13 அன்று நடப்புக் கணக்கிலிருந்து 6,00,000 ரூபாயை டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்கு மாற்றுகிறது. டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்குப் பற்று, நடப்புக் கணக்குக்கு வரவு. வரி பிடித்தது போக மீதியை மட்டும் போடும் கம்பெனிகளும் உண்டு. முழுத் தொகையையும் போட்டால், கடைசியில் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்தே மொத்த வேலையையும் சரிபார்க்கலாம் என்ற வசதி இருக்கிறது.

அடுத்தது வரி. சிக்கல் எல்லாம் இங்கேதான். 2020 மார்ச் வரை டிவிடெண்ட் பகிர்வு வரி என்று ஒன்றைக் கம்பெனியே தன் கையிலிருந்து கட்டியது. பங்குதாரருக்கு வந்த தொகைக்கு, பெரிய அளவில் பெற்றவர்களைத் தவிர, வரி கிடையாது. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி போய்விட்டது. இப்போது வரி பங்குதாரருடையது. கம்பெனி அதில் ஒரு பகுதியைக் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டுகிறது. 2025-26 நிதியாண்டில் இது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஆவது பிரிவின்படி நடக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் வருகிறது. விகிதம் 10 சதவீதம். பான் தராதவருக்கு 20. தனிநபருக்கு வங்கி வழியாகக் கொடுத்தால், ஒரு நிதியாண்டில் ஒரு கம்பெனியிடமிருந்து வருவது 10,000 ரூபாயைத் தாண்டாதவரை பிடித்தம் இல்லை. 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ஆக இருந்தது. பங்குதாரர் இன்னொரு கம்பெனி என்றால் இந்த வரம்புச் சலுகை கிடையாது.

நிறுவனருக்கு 3,00,000, பிடித்தம் 30,000. தம்பிக்கு 1,80,000, பிடித்தம் 18,000. கம்பெனிக்கு 1,11,000, பிடித்தம் 11,100. ஸ்டோர் கீப்பருக்கு 3,000, ஃபோர்மேனுக்கு 6,000. கடைசி இரண்டும் பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பதால் பிடிக்க வேண்டாம் என்று தோன்றும். ஃபோர்மேன் விஷயத்தில் அது தவறு.

இதே கம்பெனி 2025 செப்டம்பரில், முந்தைய ஆண்டின் லாபத்துக்காக, பங்குக்கு 2.50 ரூபாய் இறுதி டிவிடெண்ட் கொடுத்திருந்தது. ஃபோர்மேனுக்கு அப்போது 5,000 போனது. வரம்புக்குள் இருந்ததால் எதுவும் பிடிக்கவில்லை. செப்டம்பர் டிவிடெண்ட் 2024-25 லாபத்துக்கு, நவம்பர் டிவிடெண்ட் 2025-26 லாபத்துக்கு என்பது உண்மைதான். ஆனால் வரம்பு எந்த ஆண்டு லாபம் என்று பார்ப்பதில்லை, எந்த நிதியாண்டில் பணம் கொடுத்தார்கள் என்றுதான் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து 11,000. வரம்பைத் தாண்டிவிட்டால் தாண்டிய ஆயிரத்துக்கு மட்டுமல்ல, முழு 11,000க்கும் பிடிப்பதே பொது நடைமுறை. ஆக 1,100 ரூபாயை இந்த 6,000லிருந்து கழித்து 4,900 அனுப்ப வேண்டும். ஸ்டோர் கீப்பருக்குச் செப்டம்பரில் போனது 2,500. மொத்தம் 5,500தான், அவரிடம் பிடித்தம் இல்லை. தன் மொத்த வருமானத்துக்கு வரியே வராது என்றால் ஃபோர்மேன் முன்கூட்டியே 15ஜி படிவம், அறுபது வயதானவர் என்றால் 15எச், கொடுத்திருக்கலாம். பணம் போன பிறகு கொடுத்துப் பயனில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டியதுதான்.

மொத்தப் பிடித்தம் 60,200. நவம்பர் 20 அன்று பணம் அனுப்பும்போது, கொடுக்க வேண்டிய டிவிடெண்ட் கணக்குக்கு 60,200 பற்று, கட்ட வேண்டிய டி.டி.எஸ். கணக்குக்கு அதே தொகை வரவு. பங்குதாரருக்கு இருந்த கடனில் ஒரு பகுதி அரசுக்கான கடனாக மாறுகிறது, அவ்வளவே. பிறகு, போய்ச் சேர்ந்த 5,36,800க்குக் கொடுக்க வேண்டிய டிவிடெண்டில் பற்று, டிவிடெண்ட் வங்கிக் கணக்கில் வரவு. ஸ்டோர் கீப்பரின் 3,000 மட்டும் வங்கிக் கணக்கு மூடப்பட்டிருந்ததால் திரும்பி வந்துவிட்டது. அது கடனாகவே நிற்கிறது.

இரண்டு தவறுகள் இந்தக் கட்டத்தில் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, கையிலிருந்து போன நிகரத் தொகையை மட்டும் டிவிடெண்டாக எழுதுவது. இன்னொன்று, 60,200ஐக் கம்பெனியின் வருமான வரிச் செலவில் சேர்ப்பது. பகிர்வு வரி காலத்துப் பழக்கம் கை விடாததன் விளைவு. இரண்டும் ஒன்றாக வந்தால் லாபம் 60,200 குறைந்தும் டிவிடெண்ட் அதே அளவு குறைந்தும் தெரியும். உபரியின் இறுதி இருப்பு மட்டும் சரியாக இருக்கும். அதனால் இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது. அறிவித்த விகிதத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஏட்டிலுள்ள டிவிடெண்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். பங்குதாரர் சார்பில் அரசுக்குக் கட்டும் தொகை டிவிடெண்டின் பகுதியே என்று இந்தியக் கணக்கியல் தரநிலை 12 தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தரநிலைக்குள் வராத சிறு கம்பெனிக்கும் தர்க்கம் அதுதான்.

நவம்பரில் பிடித்ததை டிசம்பர் 7க்குள் கட்ட வேண்டும். அந்த ஆண்டு அது ஞாயிறு. கம்பெனி 5ஆம் தேதியே கட்டுகிறது. கட்ட வேண்டிய டி.டி.எஸ்.க்கு 60,200 பற்று, டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்கு வரவு. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் மாதத்துக்கு, மாதத்தின் ஒரு பகுதிக்கும், ஒன்றரை சதவீத வட்டி. காலாண்டு அறிக்கையான 26கியூ படிவத்தை 2026 ஜனவரி 31க்குள் தாக்கல் செய்து, அடுத்த பதினைந்து நாளுக்குள் 16ஏ சான்றிதழ் தர வேண்டும். நிறுவனர் தன் ரிட்டர்னில் கையில் வந்த 2,70,000ஐ அல்ல, 3,00,000ஐ வருமானமாகக் காட்டி, 30,000ஐக் கட்டிய வரியாகக் கழித்துக்கொள்வார். அவருடைய 26ஏஎஸ் பக்கத்தில் அந்தத் தொகை ஏறவில்லை என்றால், பெரும்பாலும் அறிக்கையில் பான் எண் தவறியிருக்கும்.

மிச்சம் 3,000. அறிவித்து முப்பது நாள் டிசம்பர் 10இல் முடிகிறது. அதன் பின் ஏழு நாளுக்குள் செலுத்தப்படாத டிவிடெண்ட் கணக்கு என்ற இன்னொரு தனி வங்கிக் கணக்குக்கு அதை மாற்ற வேண்டும். 15ஆம் தேதி மாற்றியதும் டிவிடெண்ட் வங்கிக் கணக்கில் எஞ்சுவது பூஜ்யம்: 6,00,000லிருந்து 5,36,800, 60,200, 3,000 மூன்றும் கழிந்துவிட்டன. 2026 மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் உபரி 6,00,000 குறைந்திருக்கும். கடன் பக்கம் கோரப்படாத டிவிடெண்ட் 3,000. சொத்துப் பக்கம் அதற்கென ஒதுக்கிய வங்கி இருப்பு 3,000. அந்தப் பணத்தைக் கம்பெனி தன் செலவுக்கு எடுக்க முடியாது. ஸ்டோர் கீப்பர் எப்போது வந்து கேட்டாலும் கொடுக்க வேண்டும். 2032 டிசம்பர் வரை அவர் வராவிட்டால் தொகை மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் அவரோ வாரிசுகளோ அந்த நிதியிடம் விண்ணப்பித்துப் பெறலாம். கம்பெனியின் ஏட்டில் மட்டும் அந்தக் கடன் முடிந்துவிடும்.