அக்டோபரில் அறையைக் காலி செய்தால்

ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுதியைக் காலி செய்வதில் பெரிய வேலை எதுவும் இல்லை. கடைசித் தேர்வு முடிந்ததும் மொத்த பிளாக்கும் கிளம்பும். அலுவலகமே பட்டியல் போட்டு எல்லோருக்கும் சேர்த்துக் கணக்கு முடித்துவிடும். அக்டோபரிலோ பிப்ரவரியிலோ ஒருவர் மட்டும் கிளம்பும்போதுதான் சிக்கல். மஞ்சள் காமாலை வந்து வீட்டுச் சாப்பாடு கட்டாயமாகியிருக்கும். அப்பாவுக்கு அதே ஊருக்கு மாற்றல் கிடைத்திருக்கும். மெஸ் சாம்பாரை இனி தாங்க முடியாது என்ற முடிவுக்கு வந்திருப்பார். காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு மாணவர் பெட்டியோடு கேட்டைத் தாண்டியது அலுவலகத்துக்குத் தானாகத் தெரிந்துவிடாது. கடிதம் வந்து சேரும் வரை அவர் விடுதியில்தான் இருக்கிறார், சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறார் என்றே பதிவேடு சொல்லும்.

இதனால் முதலில் அடிபடுவது மெஸ் கணக்கு. தமிழ்நாட்டின் பல கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' நடைமுறையில் இருக்கிறது. அரிசி, காய்கறி, பால், கேஸ் என்று ஒரு மாதத்துக்கான மொத்தச் செலவை, எல்லா மாணவர்களின் சாப்பாட்டு நாட்களையும் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். கிடைப்பது ஒரு நாள் விலை. மாதம் முடிந்து கணக்குப் பார்த்த பிறகே இந்த விலை தெரியும். ஆகவே அக்டோபர் 17-ஆம் தேதி கிளம்பும் மாணவரிடம், அன்றே 'உங்கள் பாக்கி இவ்வளவுதான்' என்று எந்த கிளார்க்காலும் சொல்ல முடியாது. நவம்பர் முதல் வாரம்வரை காத்திருக்க வேண்டும். அல்லது செப்டம்பர் விலையை வைத்து உத்தேசமாகப் பிடித்துக்கொண்டு பிறகு நேர் செய்ய வேண்டும்.

கணக்கு புரிய ஓர் உதாரணம். ஒரு மாணவி காஷன் டெபாசிட்டாக 10,000 ரூபாய் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் மெஸ் பில் 3,500 ரூபாய் இன்னும் பாக்கி. அக்டோபரில் ஒரு நாள் விலை 130 ரூபாய் என்று வருகிறது; 17 நாட்களுக்கு 2,210. சமையல்காரர் சம்பளம் போன்றவற்றுக்கான எஸ்டாப்ளிஷ்மெண்ட் கட்டணம் 600 ரூபாய். இதை நாள் கணக்கில் குறைப்பது அரிது. மாதத்தில் சில நாள் இருந்தாலும் முழுதாகவே பிடிப்பார்கள். தொலைந்த சாவிக்கு 150. ஆக மொத்தம் 6,460 ரூபாய் போக, அவருக்குத் திரும்ப வேண்டியது 3,540. அதே மாணவி சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போயிருந்தால் மெஸ் கணக்கு 31-ஆம் தேதிவரை ஓடி, இன்னும் 1,820 ரூபாய் கரைந்திருக்கும். எத்தனை நாள் முன்னதாக எழுதிக் கொடுத்தால் மெஸ் கணக்கை நிறுத்துவார்கள் என்பது ஒவ்வொரு விடுதியின் விதிப் புத்தகத்திலும் இருக்கும். சேரும்போது எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அதே புத்தகம்தான்.

அறை வாடகை வேறு சங்கதி. ஆண்டுக்கோ செமஸ்டருக்கோ மொத்தமாக வாங்கும் வாடகையை நடுவில் போகிறவருக்குப் பெரும்பாலான விடுதிகள் திருப்பித் தருவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கட்டணத் திருப்ப அறிவிப்பைக் காட்டி இதைக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அது கல்லூரியை விட்டே விலகுபவர்களுக்கானது. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பிறகு 30 நாள் கடந்துவிட்டால் அதிலும் கட்டணம் திரும்பாது. ஆனாலும் அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காஷன் டெபாசிட்டைக் கட்டணத்தோடு சேர்க்காமல், சதவீதக் கணக்குக்கு வெளியே வைத்திருக்கிறது. பாக்கிக்கும் சேதத்துக்கும் ஈடாக வாங்கி வைத்த மாணவரின் பணம் அது. பிடிப்பது என்றால் எதற்காக, எவ்வளவு என்று சொல்லித்தான் பிடிக்க வேண்டும்.

அந்தச் சேதக் கணக்கு பிறப்பது அறைச் சோதனையில். கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி, மின்விசிறி, டியூப் லைட், சுவிட்ச் போர்டு, ஜன்னல் கண்ணாடி, சாவி என்று பட்டியலை வைத்துக்கொண்டு கேர்டேக்கர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கட்டிலின் காலில் பெயிண்டால் எழுதிய அறை எண்ணைக்கூடக் குனிந்து பார்ப்பவர்கள் உண்டு. 214-ஆம் அறையில் 209 என்று எழுதிய கட்டில் கிடக்கும்; இரண்டு வருடத்துக்கு முன் யாரோ மாற்றிப் போட்டதாக இருக்கும். அதைச் சோதனைக்கு முன்பே 209-க்குப் போய்ப் பேசி மாற்றிக்கொள்வது நல்லது. சுவரில் டபுள் சைடு டேப்பைப் பிய்த்தெடுத்தால் பெயிண்டும் கூடவே உரிந்து வரும்; நாலு போஸ்டருக்கு ஒரு சுவர் வெள்ளையடிக்கும் கூலி கேட்கும் விடுதிகள் இருக்கின்றன.

மூன்று பேர் இருக்கும் அறையில் ஒருவர் மட்டும் கிளம்பினால் இன்னொரு தகராறு வரும். உடைந்த ரெகுலேட்டர் யார் கணக்கு? போகிறவர் கணக்கில் எழுதிவிடுவது எல்லோருக்கும் வசதி. பொதுப் பொருளுக்கான செலவை மூவருக்கும் பகிரச் சொல்லிக் கேட்கலாம். கேட்க வேண்டிய நேரம் சோதனை நடக்கும்போது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு பேசிப் பயனில்லை. அறைக்கு வந்த முதல் நாளில் செல்போனில் எடுத்த படங்கள் இருந்தால், ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

பாக்கி, டெபாசிட், சோதனை மூன்றையும் ஒரே கடிதத்தில், தேதியோடு கேட்டுவிட வேண்டும். மெஸ் சாம்பாரைப் பற்றி அதில் எழுதத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

அனுப்புநர்: (பெயர், பதிவு எண், துறை, ஆண்டு), அறை எண் பி-214

பெறுநர்: வார்டன் அவர்கள், மாணவியர் விடுதி

பொருள்: விடுதி அறையைக் காலி செய்தல் – நிலுவை, காஷன் டெபாசிட், அறைச் சோதனை தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

குடும்பச் சூழல் காரணமாக, வரும் 17-10 அன்று மாலை அறையைக் காலி செய்ய உள்ளேன். என் தந்தையின் ஒப்புதல் கடிதத்தை இணைத்துள்ளேன். 18-10 காலை முதல் என் பெயரை மெஸ் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டுகிறேன்.

17-10 அன்று பிற்பகல் நான் இருக்கும்போதே அறையைச் சோதித்து, குறிப்பின் நகல் ஒன்றை எனக்குத் தர வேண்டுகிறேன். சேர்ந்தபோதே ஜன்னல் கண்ணாடி ஒன்றில் விரிசல் இருந்தது.

செப்டம்பர் பில்லையும் அக்டோபர் 17 வரையிலான மெஸ் தொகையையும் என் காஷன் டெபாசிட்டில் (ரசீது நகல் இணைப்பு) கழித்துக்கொண்டு, பிடித்தங்களின் விவரத்துடன் மீதியைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம், தேதி)

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வார்டன் பெரும்பாலும் பாடம் நடத்தும் பேராசிரியர். விடுதி அவருக்குக் கூடுதல் பொறுப்பு. மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு வந்தால் அது விடைத்தாள் கட்டுக்குள் போய்விட வாய்ப்பு அதிகம். வங்கி விவரத்தில் பெயர் பாஸ்புக்கில் இருப்பது போலவே இருக்கட்டும். இனிஷியல் முன்பின் மாறியதாலேயே நின்றுபோன தொகைகள் உண்டு. நோ டியூ படிவத்தில் மெஸ் மேலாளர், கேர்டேக்கர், வார்டன் என்று கையெழுத்துகள் முடிந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும்.

கல்வி உதவித்தொகை பெறுகிறவர்கள் கல்லூரி அலுவலகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் விடுதி மாணவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் தொகை வேறு.

மாதங்கள் கடந்தும் டெபாசிட் வரவில்லை என்றால், முத்திரை பெற்ற நகலோடு கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவில் மனு கொடுக்கலாம். மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி, புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதிலும் தீர்வு இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம்.