உங்கள் டர்ன்ஓவரில் பாதி யார் கையில்? மூன்று பார்ட்டிகளைக் காட்டும் ஒரு டேஷ்போர்டு

“நம்மகிட்ட 25 பார்ட்டி இருக்காங்க, ஒருத்தர் போனா என்ன?” சின்ன நிறுவனம் நடத்தும் பலரும் இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 25 பேர் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், வருஷத்துக்குப் போடும் பில் தொகையில் முதல் மூன்று பேரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு குத்துமதிப்பான பதில்தான் வரும். அந்தக் குத்துமதிப்பு பல நேரங்களில் நிஜத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஏன் என்று பார்ப்போம்.

இந்தக் கணக்கைக் காட்டும் டேஷ்போர்டை கூகுள் ஷீட்ஸில் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடலாம். சார்ட் போடுவது சுலபம். எந்த எண்ணைக் கூட்டுகிறோம், யாரை ‘ஒரு பார்ட்டி’ என்று எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஓர் உதாரணத்தோடு போவோம். கோவையில் ஒரு சிஎன்சி பட்டறை. பம்ப், வால்வு கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறது. அப்பா ஆரம்பித்தது, இப்போது மகள் அக்கவுன்ட்ஸைப் பார்க்கிறார். வருஷ டர்ன்ஓவர் 4.80 கோடி ரூபாய். (பட்டறையும் எண்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.)

டாலி காட்டும் படம்

மகள் முதலில் டாலியிலிருந்து ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிகர விற்பனையை எக்செல்லாக எடுக்கிறார். லெட்ஜர் வாரியாகக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறார். முதலிடத்தில் ‘அ’ என்ற பம்ப் கம்பெனி, 96 லட்சம். அடுத்து ‘ஆ’, 72 லட்சம். மூன்றாவதாக இன்னொரு லெட்ஜர், 60 லட்சம். மூன்றும் சேர்ந்து 228 லட்சம், அதாவது 47.5%. பெரிய பார்ட்டியின் பங்கு 20% மட்டுமே.

“பரவாயில்லையேப்பா, நாம பயந்த அளவுக்கு இல்ல” என்கிறார் மகள். அப்பா லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, “மூணாவதா இருக்கறது யாருன்னு பாரும்மா. அது நம்ம ‘அ’ கம்பெனியோட குஜராத் யூனிட். கீழ ஏழாவதா இருக்கறதும் அவங்க தம்பி கம்பெனிதான். ஆர்டர் எல்லாம் ஒரே பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட இருந்துதான் வருது” என்கிறார்.

முதல் ஓட்டை இதுதான். டாலிக்கு லெட்ஜர் பெயர்தான் தெரியும், முதலாளி யார் என்று தெரியாது. ஒரே கம்பெனி இரண்டு மாநிலத்தில் இருந்தால் இரண்டு லெட்ஜர். பெயரை இரண்டு விதமாக டைப் செய்திருந்தாலும் இரண்டு லெட்ஜர். இப்படிப் பிரிந்து கிடப்பதால்தான் பெரிய பார்ட்டி சின்னதாகத் தெரிகிறது.

பான் எண்தான் சாவி

இதற்கான தீர்வு ஜிஎஸ்டி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதில் மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. அடுத்த பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். மாநிலம் மாறினாலும் பான் மாறாது. ஆகவே பெயரை விட்டுவிட்டு பானை வைத்துக் கூட்டினால், கோவை யூனிட்டும் குஜராத் யூனிட்டும் தானாக ஒன்று சேர்ந்துவிடும்.

தம்பி கம்பெனிக்கு பான் வேறு. அதை எந்த ஃபார்முலாவும் கண்டுபிடிக்காது, அப்பாவுக்குத்தான் தெரியும். அதனால் `Map` என்று தனியாக ஒரு ஷீட் வேண்டும். A காலத்தில் பான், B காலத்தில் குழுவின் பெயர். தம்பி கம்பெனியின் பானுக்கு எதிரேயும் ‘அ’ என்றே எழுதிவிட வேண்டும். ஒருமுறை உட்கார்ந்து செய்கிற வேலை இது.

பில் விவரங்கள் `Data` ஷீட்டில் இருக்கட்டும். A-வில் தேதி, B-யில் பில் நம்பர், C-யில் பில்லா கிரெடிட் நோட்டா என்ற வகை, D-யில் பெயர், E-யில் ஜிஎஸ்டி எண், F-இல் வரிக்கு முந்தைய தொகை. G2-வில் இந்த ஃபார்முலாவைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(E2="",D2,IFERROR(VLOOKUP(MID(E2,3,10),Map!A:B,2,FALSE),"CHECK"))
```

ஜிஎஸ்டி எண் இல்லாத பார்ட்டி என்றால் பெயரையே எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒரு பான் வந்து, அது `Map`-இல் இல்லாவிட்டால் `CHECK` என்று காட்டும். அதைப் பார்த்ததும், ‘இவர் யாரோட ஆளு?’ என்று விசாரித்து எழுதிவிடலாம்.

இப்படிக் குழுவாக்குவது நம் சொந்த யோசனை இல்லை. பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 108-லும் இதே விதிதான். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருவாயில் 10% அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தத் தொகையை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது அது. ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெரிந்த நிறுவனங்களை ஒரே வாடிக்கையாளராக எடுத்துக்கொள்ளவும் சொல்கிறது.

எந்தத் தொகையைக் கூட்டுவது?

பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை எடுக்கக் கூடாது. அதில் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும், அது நம் வருமானம் இல்லை. வரிக்கு முந்தைய தொகையை மட்டும் எடுங்கள்.

அடுத்து கிரெடிட் நோட். ‘ஆ’ கம்பெனிக்குப் போட்ட பில்கள் உண்மையில் 80 லட்சம். ரிஜெக்‌ஷன் ஆகித் திரும்பி வந்த மாலுக்கு 8 லட்சத்துக்கு கிரெடிட் நோட் போயிருக்கிறது. கையில் நிற்பது 72 லட்சம்தான். டாலியில் கிரெடிட் நோட் ரெஜிஸ்டரைத் தனியாக எடுத்து, தொகைக்கு முன்னால் மைனஸ் போட்டு, `Data` ஷீட்டிலேயே கீழே ஒட்டிவிடுங்கள்.

இப்போது புது ஷீட்டில் A1-இல் இது:

```
=QUERY(Data!A:G,"select G, sum(F) where A >= date '2024-04-01' and A <= date '2025-03-31' group by G order by sum(F) desc label G 'Customer', sum(F) 'Total'",1)
```

பெரியதிலிருந்து சிறியதாக லிஸ்ட் வந்துவிடும். பக்கத்தில் C2-வில் ஒவ்வொருவரின் பங்கு, D2-வில் சேர்த்துக்கொண்டே போகும் பங்கு:

```
=B2/SUM(B$2:B)
=SUM(B$2:B2)/SUM(B$2:B)
```

இங்கே ஒரு பொறி உண்டு. எக்செல்லில் இருந்து ஒட்டும்போது சில தேதிகள் தேதியாக வராமல் வெறும் எழுத்தாக வந்துவிடும். அந்த வரிகளை `QUERY` சத்தமே இல்லாமல் விட்டுவிடும், எர்ரர்கூடக் காட்டாது. கண்டுபிடிக்க எளிய வழி, B காலத்தின் மொத்தத்தை டாலியின் நிகர விற்பனையோடு ஒப்பிடுவது. ஒரு ரூபாய் இடித்தாலும் சார்ட்டுக்குப் போகாதீர்கள்.

நம் பட்டறையில் மொத்தம் சரியாக 4.80 கோடி வருகிறது. ஆனால் படம் மாறிவிட்டது. ‘அ’ குழு 96, 60, 36 சேர்ந்து 192 லட்சம், அதாவது 40%. ‘ஆ’ 15%. ‘இ’ 48 லட்சம், 10%. முதல் மூன்று பேர் சேர்ந்து 65%. பில் எதுவும் மாறவில்லை, யாரை ஒருவர் என்று எண்ணினோம் என்பதுதான் மாறியது.

சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள்

போன வருஷமும் ‘அ’ குழு வாங்கியது இதே 192 லட்சம். அப்போது மொத்த டர்ன்ஓவர் 5.60 கோடி, பங்கு 34%. இந்த வருஷம் 40%. ‘அவங்க நிறைய ஆர்டர் குடுக்கறாங்க’ என்று சந்தோஷப்பட்டால் அது தப்பு. மற்றவர்களின் ஆர்டர் 80 லட்சம் குறைந்திருக்கிறது. அதனால் டேஷ்போர்டில் ஒவ்வொரு சதவீதத்துக்குப் பக்கத்திலும் ரூபாயும், போன வருஷ ரூபாயும் இருக்க வேண்டும்.

10% பார்ட்டி போனால் என்ன ஆகும்?

கடைசி விஷயம்தான் முக்கியம். பில் தொகை முழுவதும் நம் பட்டறையில் தங்குவதில்லை. ‘அ’ குழுவுக்கு மெட்டீரியலும் நாமே வாங்கிப் போட்டுச் செய்கிறோம். 192 லட்சத்தில் 120 லட்சம் மெட்டீரியலுக்கே போய்விடும், மிச்சம் 72 லட்சம். ‘ஆ’வின் 72 லட்சத்தில் மெட்டீரியல் 24 போக, மிச்சம் 48. ‘இ’ கம்பெனியோ ஜாப் ஒர்க். மெட்டீரியல் அவர்களுடையது, கூலி மட்டும் நம் பில். ஆகவே 48 லட்சமும் அப்படியே நிற்கிறது. மீதிப் பேரின் 168 லட்சத்தில் மெட்டீரியல் 96 போக 72.

மெட்டீரியல் போக மொத்தம் நிற்பது 240 லட்சம். இதில் ‘அ’ 30%, ‘ஆ’ 20%, ‘இ’ 20%. பில் கணக்கில் 10% ஆக இருந்த ‘இ’, இங்கே இரண்டு மடங்கு. இந்த மெட்டீரியல் கணக்கு டாலியில் பார்ட்டி வாரியாகக் கிடைக்காது. கொட்டேஷன் போடும்போது ஒரு பீஸுக்கு மெட்டீரியல் எவ்வளவு, மெஷினிங் எவ்வளவு என்று பிரித்திருப்போம், அந்த விகிதத்தை வைத்துப் போடலாம். துல்லியமாக வராது, ஆனால் முடிவெடுக்கப் போதும்.

பட்டறையின் நிலையான செலவு, அதாவது சம்பளம், வாடகை, மெஷின் லோன் டியூ, இபி பில் எல்லாம் சேர்ந்து மாதம் 16 லட்சம், வருஷத்துக்கு 192 லட்சம். 240-இல் அது போனால் மிச்சம் 48 லட்சம்.

இப்போது கழித்துப் பாருங்கள். ‘இ’ போனால் 48 லட்சமும் போய், மிச்சம் பூஜ்யம். 10% பார்ட்டி ஒருத்தர் போனதில் வருஷத்து மிச்சம் மொத்தமும் காலி. ‘அ’ குழு போனால் 24 லட்சம் குறை. அதாவது மாதம் 2 லட்சம் கைக்காசு போட்டால்தான் பட்டறை ஓடும். ஆர்டர் குறைந்தால் கரன்ட்டும் ஓவர்டைமும் கொஞ்சம் குறையும் என்பதால் நிஜத்தில் அடி இதைவிடச் சற்று லேசாக இருக்கலாம். ஆனால் லோன் டியூவும் வாடகையும் குறையாது.

ஸ்க்ரீனில் என்ன இருக்க வேண்டும்?

போனிலேயே பார்க்கும்படி நான்கு விஷயம் போதும். மேலே இரண்டு பெரிய எண்கள்: முதல் பார்ட்டியின் பங்கு, முதல் மூன்று பேரின் பங்கு. நடுவில் ஒரு பார் சார்ட்: முதல் ஐந்து பேர், மீதி எல்லாரும் ஒரே சாம்பல் நிற பாரில். 25 துண்டு போட்ட பை சார்ட் வேண்டாம், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதற்குக் கீழே, ஒவ்வொரு பார்ட்டிக்கும் இந்த வருஷ ரூபாய், போன வருஷ ரூபாய், மெட்டீரியல் போக நிற்பது. கடைசி வரியில், ‘இவர் போனால் மாதம் எவ்வளவு மிச்சம் அல்லது குறை’.

மாதம் ஒருமுறை, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்காக பில்களைச் சரிபார்க்கும் நாளிலேயே புது வரிகளை ஒட்டிவிடலாம். வருஷம் முடியும்வரை காத்திருக்காமல், `QUERY`-யில் தேதியைக் கடைசி 12 மாதங்களுக்கு மாற்றிக்கொண்டே வந்தால் போதும்.

நம் உதாரணத்தில் அப்பா கடைசியில் கேட்டது ஒன்றுதான்: “அப்போ ‘இ’ கம்பெனிக்காரங்களப் போய்ப் பாத்து எத்தன நாளாச்சு?” பெரிய பார்ட்டியிடம் வாரம் ஒரு தடவை பேசுகிறார்கள். ‘இ’யிடம் ஆறு மாதமாக யாரும் போகவில்லை.