சராசரி தேறினால் சாலை தேறுமா?

தார் போடுவதற்கு முன்பே ஒரு சாலையின் ஆயுள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. தாருக்கும் ஜல்லிக்கும் அடியில் இருக்கும் மண் அடுக்கை சப்கிரேடு என்பார்கள். அது சரியாக இறுகாவிட்டால், லாரிகள் ஓட ஓட மண் அமுங்கும், சக்கரத்தடத்தில் பள்ளம் விழும். அதனால்தான் ஒவ்வொரு அடுக்கையும் சோதித்துத் தேறினால்தான் அடுத்த அடுக்கைப் போட விடுகிறார்கள்.

சோதனை எளிமையானது. ரோலர் ஓடிய தளத்தில் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போடுவார்கள். குழியில் அளந்த மணலைக் கொட்டி அதன் கொள்ளளவைக் கண்டுபிடிப்பார்கள். குழி 1.15 லிட்டர், மண் 2.40 கிலோ, ஈரப்பதம் 10% என்றால் உலர் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 1.90 கிலோ. அதே மண்ணை ஆய்வகத்தில் ப்ராக்டர் முறையில் இடித்தபோது 1.94 கிடைத்திருந்தால், இறுக்கம் சுமார் 98%. இந்தியாவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிப்படி சப்கிரேடுக்கு 97% வேண்டும்.

ஒரு குழியை வைத்து முடிவு செய்ய முடியாது. 10 மீட்டர் அகலத்தில் 500 மீட்டர் நீளத்துக்கு வேலை முடிந்திருக்கிறது, 500 சதுர மீட்டருக்கு ஒரு குழி என்று தரத்திட்டம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 குழிகள். இடத்தைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கான்ட்ராக்டர் காட்டும் இடத்தில் தோண்டினால், ரோலர் நன்றாக ஓடிய நடுப்பகுதி மட்டுமே சோதனைக்கு வரும், ஓரங்கள் தப்பிவிடும்.

முடிவுகள் இவை: 100.5, 96, 99.5, 97, 100, 95.5, 99, 96.5, 100, 98. சராசரி 98.2. ஆனாலும் இந்தப் பகுதி தேறாது. காரணம், எண்கள் சிதறிக் கிடக்கின்றன. 97-உடன் திட்ட விலக்கத்தின் ஒரு பங்கைக் கூட்டி வரும் எண்ணைச் சராசரி எட்ட வேண்டும் என்பது விதி. பத்துக் குழிகளுக்கு அந்தப் பங்கு 1.13 மடங்கு. இங்கே விலக்கம் 1.84, ஆகவே தேவையான சராசரி 99.1. வேறொரு பகுதியில் அதே 98.2 சராசரியோடு விலக்கம் 0.6 மட்டுமே இருந்தால், 97.7 போதும், அது தேறிவிடும். சில இடம் கல்லாகவும் சில இடம் பொலபொலவென்றும் கிடக்கும் சாலை, பொலபொலப்பான இடத்தில்தான் உடையும்.

தேறாத பகுதியில், 98-க்கு மேல் வரும்வரை புதுப்புதுக் குழியாகத் தோண்டிப் பார்ப்பது ஏமாற்று வேலை. மண்ணைக் கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து, சதசதவென்றிருந்தால் உலரவிட்டு, மறுபடி ரோலர் ஓட்டி, பத்துக் குழியையும் புதிதாகத் தோண்ட வேண்டும். 100-ஐத் தாண்டும் எண்கள் அடிக்கடி வந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும்: மண் எடுக்கும் இடம் மாறியிருக்கலாம். அப்போது புது மண்ணைப் பழைய 1.94-உடன் ஒப்பிட்ட கணக்கு எதுவும் செல்லாது. முதலில் ப்ராக்டர் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.